512-இல் நிற்கும் மேசை: 10 பிட் கிரே கோடு என்கோடரின் நீண்டகாலப் பயன்பாடு

எட்டு நிலையங்கள் கொண்ட இன்டெக்ஸ் மேசை ஒன்றின் ஷாஃப்ட்டில், 10 பிட் இணை வெளியீடு உள்ள அப்சல்யூட் என்கோடரைப் பூட்டிப் பல ஆண்டுகள் ஓட்டும்போது என்னென்ன தெரியவரும் என்பதுதான் இந்தப் பகிர்வு. ஒரு சுற்றுக்கு 1024 படிகள், ஒரு படி ஏறத்தாழ 0.35 டிகிரி. 600 மி.மீ. விட்டமுள்ள மேசையின் விளிம்பில் அது 1.8 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆகவே பொருளை இறுதியாக நிலைநிறுத்தும் வேலை இந்த என்கோடருடையது அல்ல. அதை லொகேட்டிங் பின் பார்த்துக்கொள்ளும். மேசை எந்த நிலையத்தில் இருக்கிறது, எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், பின்னை இறக்கலாமா என்பவற்றைச் சொல்வதே என்கோடரின் வேலை. மின்சாரம் போய் வந்தாலும் மேசையை ஹோமுக்குத் திருப்பாமல் இதைச் சொல்ல முடிவதால்தான் அப்சல்யூட் வகையைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அந்தப் பதில் நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் என்கோடருக்குள் சுழலும் தட்டில் இருக்கும் கிரே கோடு, அதாவது அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் குறியீடு. அதன் இடத்தில் சாதாரண பைனரி இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

எட்டு நிலையங்களுக்கு நடுவே தலா 128 படிகள். பூஜ்யத்தை முதல் நிலையத்தில் வைத்தால் ஐந்தாவது நிலையம், அதாவது 180 டிகிரி, சரியாக 512-இல் விழும். பைனரியில் 511 என்பது 0111111111, 512 என்பது 1000000000. பத்துப் பிட்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். தட்டில் பத்துத் தடங்கள், அவற்றுக்கு எதிரே பத்து ஒளி உணரிகள். பத்தும் ஒரே கணத்தில் மாறுவது நடைமுறையில் நடக்காது. உணரிகளின் கூர்மை ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும், ஒளிப்பிளவு மயிரிழை சாய்ந்திருக்கும். பெரிய பிட்டின் தடம் பொதுவாகத் தட்டின் உள்பக்கத்தில் இருக்கும். அந்தத் தடத்தின் விட்டம் 20 மி.மீ. என்றால் அங்கே ஒரு படியின் அகலம் வெறும் 0.06 மி.மீ. உணரி 0.03 மி.மீ. விலகினாலே அரைப்படி போய்விட்டது.

அந்தப் பெரிய பிட் மட்டும் சற்று முந்தி மாறினால் பைனரித் தட்டு 1111111111 என்று காட்டும், அதாவது 1023. சற்றுப் பிந்தினால் 0000000000. மேசை 180 டிகிரியில் நிற்கிறது, பி.எல்.சி.யோ அது முதல் நிலையத்தின் வாசலில் நிற்பதாக நினைக்கிறது. மேசை ஓடும்போது இது ஒரு கணத்தில் கடந்துவிடும். ஆனால் இங்கே மேசை நிற்பதே அந்த எல்லைக்கோட்டில்தான். பக்கத்து ஸ்பிண்டிலின் அதிர்வில் 511-க்கும் 512-க்கும் நடுவே அது ஊசலாடிக்கொண்டிருக்கும். தவறான எண் எந்த ஸ்கேனிலும் அகப்படலாம்.

கிரே கோட்டில் 511 என்பது 0100000000, 512 என்பது 1100000000. மாறுவது ஒரே பிட். அது முந்தினால் 512, பிந்தினால் 511. மூன்றாவதாக ஒரு விடை வர வழியே இல்லை. 1023-இலிருந்து 0-க்குத் திரும்பும் இடத்திலும் அப்படித்தான்: 1000000000, அடுத்து 0000000000. உணரி எங்கே விலகியிருந்தாலும், அந்த விலகல் அரைப்படிக்குள் இருக்கும்வரை, பிழை ஒரு படியைத் தாண்டாது. ஆகவே நிலையத்தைச் சரிபார்க்க இரண்டு படி முன்பின் இருந்தால் போதும் என்று துணிந்து எழுதலாம். இன்னொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பைனரியின் கடைசித் தடம் ஒவ்வொரு படியிலும் மாற வேண்டும். கிரேயில் அது இரண்டு படிக்கு ஒருமுறைதான் மாறுகிறது. அதே தட்டில் மிக நுண்ணிய கோடுகளும் இரு மடங்கு அகலமாகிவிடுகின்றன.

பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் பெற்ற காப்புரிமையில் இதைப் பிரதிபலித்த பைனரி என்றே அழைக்கிறார். முதல் பாதியின் கோடுகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு, முன்னால் ஒரு 1 சேர்த்தால் இரண்டாம் பாதி கிடைக்கும். இந்தப் பிரதிபலிப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பழுது வரும்போது அதே கண்ணாடிதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் வயரிங். கிரேயைப் பைனரியாக்குவது எளிது: பெரிய பிட் அப்படியே இருக்கும், அடுத்த ஒவ்வொரு பிட்டும் அதற்கு முன் கிடைத்த பைனரி பிட்டோடு XOR ஆகும். பி.எல்.சி.யில் இவ்வளவுதான்:

```
b := IN AND 16#03FF;
b := b XOR SHR(b, 1);
b := b XOR SHR(b, 2);
b := b XOR SHR(b, 4);
b := b XOR SHR(b, 8);
```

முதல் வரியை விட்டுவிடக் கூடாது. அதே வேர்டில் மீதமுள்ள ஆறு இன்புட்டுகளில் ஏதாவது சுவிட்ச் கட்டியிருந்தால், அது ஆன் ஆகும்போதெல்லாம் கீழே உள்ள பத்துப் பிட்டும் தலைகீழாகிவிடும். பூஜ்யத் திருத்தத்தையும் மாற்றிய பிறகே செய்ய வேண்டும். கிரே எண்ணில் நேராகக் கூட்டுவதும் கழிப்பதும் பெரிது சிறிது பார்ப்பதும் பொருளற்றவை. திருத்தத்தை முதல் நிலையம் 64-இல் விழும்படி வைப்பது நல்லது. அப்போது நிலையங்கள் 64, 192, 320 என்று வரும். எண்ணை ஏழு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் 0 முதல் 7 வரை நிலைய எண் கிடைக்கும். மேசை எவ்வளவு அதிர்ந்தாலும் அந்த எண் மாறாது, 1023-க்கும் 0-க்கும் நடுவே ஒப்பிடும் தொல்லையும் இருக்காது.

முதல் ஓட்டத்தில் ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகத் திருப்பித் திரையில் எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தம் சேர்க்காத மூல எண்ணைப் பார்ப்பது முக்கியம். பூஜ்யத்திலிருந்து தொடங்கி 0, 3, 2, 1, 6, 5, 4, 7 என்று வந்தால் கடைசி இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 682, அடுத்து 683, 680, 681 என்று வந்தால் பத்துப் பிட்டும் தலைகீழாக வருகின்றன; 1 என்பதை 0 ஆகவும் 0 என்பதை 1 ஆகவும் இன்புட் படிக்கிறது. மாற்றுவதற்கு முன் எல்லாப் பிட்டையும் புரட்டினால் சரியாகும். எண்கள் ஒழுங்காக வந்து, திசை மட்டும் எதிராக இருந்தால் கிரேயின் பெரிய பிட்டை மட்டும் புரட்டினால் போதும். கண்ணாடியின் தயவு அது.

அடுத்து இன்புட் ஃபில்டர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை, கார்டு மாற்றிய மறுநாளே தடுமாறுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். மேசை ஒரு சுற்றை 6 விநாடியில் முடித்தால் விநாடிக்கு 170 படிகள், படிக்கு 5.9 மில்லி விநாடி. கடைசித் தடம் 11.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாறும். ஃபில்டர் 12.8 மில்லி விநாடியில் இருந்தால் அந்தப் பிட் ஓட்டத்தில் உள்ளே வரவே வராது. மேசை நின்றால் மட்டும் சரியாகும். 6.4 இருந்தால் பிட் வரும், ஆனால் ஒரு படிக்கு மேல் பிந்தி வரும். ஆன் ஆகும் தாமதமும் ஆஃப் ஆகும் தாமதமும் வேறாக இருந்தால், பக்கத்துப் பக்கத்து மாற்றங்கள் வரிசை மாறும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். பத்து இன்புட்டுக்கும் ஒரே மதிப்பு, 1.6 அல்லது அதற்குக் கீழே, என்பது பொருத்தமான அமைப்பு. பத்து வயரையும் ஒரே கார்டில் கட்டுவதும் இதனால்தான். எட்டு ஒரு கார்டிலும் இரண்டு தொலைவிலுள்ள இன்னொன்றிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் படிக்கப்படும். அந்த இடைவெளியில் ஒரு படிக்கு மேல் நகராதவரை கிரே காப்பாற்றும். நான்கு படி கடந்து மேசை 516-இல் இருக்கும்போது பெரிய பிட் மட்டும் பழையதாக இருந்தால், கிடைக்கும் எண் 507.

அந்த 507 எங்கிருந்து வந்தது என்பதில்தான் கிரே கோட்டின் வரம்பு அடங்கியிருக்கிறது. பெரிய பிட் மாறாமல் மற்றவை முன்னேறினால் எண் 511-ஐத் தொட்டுக் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பும்: 512 இருக்க வேண்டிய இடத்தில் 511, 513-க்கு 510, 514-க்கு 509. உணரியின் விலகல் அரைப்படிக்குள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் பொருள் இதுவே. உள்தடத்தின் உணரி ஒன்றரைப் படி பிந்தினால், 513-இன் முதல் பாதியில் பிழை ஒன்றல்ல, மூன்று. ஒரு படிப் பிழை என்பது வரிசை கெடாதவரைதான். திருப்பும் திசை மாறாமலே எண் பின்னோக்கி நடந்தால், பிட் ஒன்று தன் முறை தவறி வருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எண் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதிலிருந்து எந்தப் பிட் என்பதும் தெரியும்.

காலப்போக்கில் மிகுதியாகப் பழுதாவது தட்டு அல்ல, கேபிள். பெரிய பிட்டின் வயர் அறுந்து 0-விலேயே நின்றால் எண் 511 வரை ஏறி, பிறகு அதே வழியே 0-க்கு இறங்கும். ஒரு சுற்றில் ஒரு மலை. அடுத்த பிட்டின் வயர் என்றால் 256-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 255-இலிருந்து எண் இறங்கத் தொடங்கும். கடைசிப் பிட் அறுந்தால் 0, 0, 3, 3, 4, 4, 7, 7 என்று வரும். அதே பிட் 1-இல் ஒட்டிக்கொண்டால் 1, 1, 2, 2, 5, 5, 6, 6. இந்தக் கடைசிப் பழுதுதான் கவலைக்குரியது. பிழை ஒரு படிக்குள்ளேயே இருப்பதால் இரண்டு படி முன்பின் அனுமதிக்கும் சரிபார்ப்பில் அது சிக்காமல் மாதக்கணக்கில் ஓடும். நிரலில் ஒரு சோதனை வைத்துவிட்டால் இவை யாவும் பிடிபடும்: முந்தைய ஸ்கேனின் கிரே எண்ணோடு இப்போதைய கிரே எண்ணை XOR செய்து, மேசை மெதுவாக நகரும்போது ஒன்றுக்கு மேல் பிட் மாறினால் அலாரம், ஒரு முழுச் சுற்றில் பத்துப் பிட்டில் எதுவாவது ஒருமுறைகூட மாறாவிட்டாலும் அலாரம்.

கிரே கோட்டால் பிடிக்கவே முடியாத ஒன்று உண்டு: கப்ளிங் நழுவுவது. கிரப் ஸ்குரூ தளர்ந்து ஷாஃப்ட்டில் சற்றுச் சுழன்றால் எட்டு நிலையங்களும் ஒரே அளவில், ஒரே திசையில் தள்ளிப்போகும். ஒவ்வொரு எண்ணும் தன்னளவில் சரியாகவே இருக்கும். பின் இறங்கியபின் காட்டும் எண்ணை நிலையவாரியாகக் குறித்து வைத்திருந்தால் மட்டுமே இது தெரியும். எட்டும் 3 படி கூடியிருந்தால் கப்ளிங்கைப் பாருங்கள். ஒரு நிலையம் மட்டும் மாறியிருந்தால் அந்த நிலையத்தின் பின்னையும் புஷ்ஷையும் பாருங்கள்.

எட்டுக்குப் பதில் ஆறு, பத்து அல்லது பன்னிரண்டு நிலையங்கள் என்றால் 1024 சரிவர வகுபடாது. அதற்கு 360 படித் தட்டுகள் வருகின்றன. அவற்றில் 0 முதல் 359 வரை எடுத்தால் சுற்று முடியும் இடத்தில் பல பிட்டுகள் சேர்ந்து மாறிவிடும். ஆகவே 9 பிட் கிரேயின் 512 எண்களில் நடுத்துண்டை வெட்டி எடுக்கிறார்கள்: 76 முதல் 435 வரை. 76-இன் கிரே 001101010, 435-இன் கிரே 101101010. மாறுவது மறுபடியும் ஒரே பிட். இந்த வகையை வாங்கினால் மாற்றிய எண்ணிலிருந்து 76-ஐக் கழிக்க வேண்டும். 75 அல்லது அதற்குக் கீழும் 436 அல்லது அதற்கு மேலும் எண் வந்தால் தயக்கமில்லாமல் மேசையை நிறுத்தலாம், ஏனெனில் அந்த எண்கள் தட்டிலேயே இல்லை.