வைப்புத்தொகை என்று வாங்கிய பாலிசியை 26ஆம் நாளில் திருப்பிக் கொடுத்த கதை

சிங்கப்பூரிலிருந்து இந்த ஆண்டு பொங்கலுக்காக மூன்று வார விடுப்பில் கும்பகோணம் வந்திருந்தேன். வந்த மறுநாள், ஜனவரி 10ஆம் தேதி, வீட்டு வரி ரசீதைத் தேடி அப்பாவின் அலமாரியைத் திறந்தபோது, ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தடித்த உறை கையில் அகப்பட்டது. அப்பாவுக்கு வயது 61. ஓய்வு பெற்ற ஆசிரியர். "அது பேங்க்ல போட்ட டெபாசிட்டுப்பா, வட்டி கொஞ்சம் கூட வரும்னு சொன்னாங்க" என்றார்.

உள்ளே இருந்த அட்டவணைப் பக்கம் வேறு கதை சொன்னது. ஆண்டுப் பிரீமியம் 2,00,000 ரூபாய், பிரீமியம் செலுத்தும் காலம் 7 ஆண்டுகள், காப்பீட்டுத் தொகை 14 லட்சம், அடுத்த தவணை 18-12-2026. வைப்புத்தொகை ரசீதில் அடுத்த தவணைத் தேதி என்ற ஒன்று இருக்கவே இருக்காது. அந்த ஒரு வரியே போதும், இது என்னவென்று தெரிந்துகொள்ள. டிசம்பரில் முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்கப் போனவரிடம் வங்கிக் கிளையில் அமர்ந்திருந்த ஒருவர் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து இ.சி.ஜி. பார்த்துப் போனவர்களை, வாடிக்கையாளருக்கு வங்கி செய்யும் இலவசப் பரிசோதனை என்று அப்பா நினைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை, 12ஆம் தேதி, அப்பாவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய் முதல் அரை மணி நேரத்தை அந்தக் கோபத்திலேயே வீணாக்கினேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று நான் சொல்ல, உறுதிப்படுத்தும் தொலைபேசி அழைப்பில் சார் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொன்ன பதிவு இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தில் இறங்கியிருக்கவே வேண்டாம். பாலிசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்கு ஃப்ரீ லுக் காலம் என்று ஒன்று உண்டு; அதற்குள் பாலிசியை ரத்து செய்ய, ஏமாற்றப்பட்டோம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவையாக இல்லை என்று பாலிசிதாரர் எழுதிக் கொடுத்தால் போதும், அதுவரை அந்தப் பாலிசியில் இழப்பீடு எதுவும் கோரியிருக்கக் கூடாது.

அடுத்து வந்த பதில், "15 நாள் முடிஞ்சிடுச்சு சார்" என்பது. இது பழைய கணக்கு. முன்பு நேரில் வாங்கும் பாலிசிகளுக்கு 15 நாட்கள்தான் இருந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் கொண்டுவந்த விதிகள் அதை எல்லோருக்கும் 30 நாட்களாக்கிவிட்டன. ஓராண்டும் அதற்கு மேலும் காலம் உள்ள புதிய தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு இது பொருந்தும். பழைய பாலிசியைப் புதுப்பித்தால் பொருந்தாது.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எங்கள் பாலிசியில் மூன்று தேதிகள் இருந்தன. பாதுகாப்பு தொடங்கியது டிசம்பர் 18. மின்னஞ்சலில் ஆவணம் அனுப்பியதாக நிறுவனம் சொன்னது 20ஆம் தேதி. விரைவு அஞ்சலில் உறை வந்தது 27ஆம் தேதி. கணக்கு, ஆவணம் பெற்ற நாளிலிருந்துதான். மின்வழியில் பெற்றாலும் அது பெற்றதாகவே கொள்ளப்படும். ஆனால் அப்பாவுக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. விண்ணப்பத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய முகவரி. ஆவணம் பாலிசிதாரரைச் சேர்ந்தது என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், உறையின் மேலிருந்த அஞ்சல் விவரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இருந்தாலும் அந்தச் சண்டைக்கு இடமே கொடுக்க வேண்டாம் என்று தோன்றியது. 18ஆம் தேதியிலிருந்து எண்ணினாலும் அன்றைக்கு 26ஆம் நாள்தான். வியாழன் முதல் பொங்கல் விடுமுறை தொடங்குகிறது என்பதே என் கவலை. "மேனேஜர் லீவு, பொங்கல் கழிச்சு வாங்களேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து வந்திருந்தால் 30 நாட்கள் எந்தக் கணக்கிலோ கரைந்துபோயிருக்கும்.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்கள். தலைப்பைப் படித்ததால் தப்பித்தோம்: அது சரண்டர் படிவம். இரண்டும் பாலிசியை முடிப்பதுதானே என்று தோன்றலாம். சரண்டர் என்பது நடப்பில் உள்ள பாலிசியை இடையில் விடுவது. இது போன்ற சேமிப்புப் பாலிசியில் முதல் ஆண்டே முடியாதபோது அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. நான் வெள்ளைத் தாளில் "ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்யக் கோருதல்" என்று தலைப்பிட்டு, பாலிசி எண், ஆவணம் பெற்ற தேதி, ஏழு ஆண்டுகள் பிரீமியம் கட்டும் நிபந்தனை ஏற்புடையதல்ல என்ற ஒரு வரிக் காரணம், பணம் சேர வேண்டிய வங்கிக் கணக்கு ஆகியவற்றை எழுதினேன். கையெழுத்து அப்பாவுடையது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உரிமை பாலிசிதாரருக்குத்தான், பிள்ளைக்கு அல்ல, என் கையெழுத்தில் போன கடிதத்தைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அசல் பாலிசி ஆவணம், அடையாள அட்டை மற்றும் பான் அட்டை நகல்கள், ரத்து செய்யப்பட்ட ஒரு காசோலைத் தாள் ஆகியவற்றை இணைத்தோம். அசலைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டேன். வங்கிக் கிளையை நம்பாமல், காப்பீட்டு நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே ஆட்டோ பிடித்துப் போய்க் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். அன்று மாலையே அதன் நகலை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன். அடுத்த இரண்டு நாட்களும் அப்பாவுக்கு அழைப்புகள் வந்தன: வேறு திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம், பிரீமியத்தைப் பாதியாக்குகிறோம் என்று. கடிதத்தில் எழுதியதுதான் முடிவு என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

ஃப்ரீ லுக் என்ற பெயரைப் பார்த்து முழுப் பணமும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான இடர்ப் பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகிய மூன்றை மட்டும் கழிக்கலாம். எங்களுக்கு 26 நாட்களுக்கு 1,184 ரூபாய், பரிசோதனைக்கு 1,500, ஆயிரத்துக்கு 20 பைசா வீதம் 14 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 280 என 2,964 ரூபாய் கழிந்து, 1,97,036 ரூபாய் வந்தது. முகவர் கமிஷன், அலுவலகச் செலவு என்று வேறெதுவும் கழிக்க இடமில்லை. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசியாக இருந்தால் யூனிட்டுகளின் அன்றைய விலையும் கணக்கில் சேரும்; சந்தை இறங்கியிருந்தால் அந்த நட்டம் நம்முடையது.

கோரிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். எங்கள் பணம் 19ஆம் தேதிக்குப் பதில் 22ஆம் தேதி வந்தது. அந்த மூன்று நாள் வட்டியை அவர்கள் தரவில்லை, நானும் துரத்தவில்லை. மறுத்தோ இழுத்தடித்தோ இருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுவது, அதன் பின் ஆணையத்தின் இணையப் புகார்த் தளமான பீமா பரோசா, கடைசியாகப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்று திட்டமிட்டு வைத்திருந்தேன். அவரிடம் முறையிடக் கட்டணம் கிடையாது.

ஊர் திரும்பும் முன் ஒரு வேலை மிச்சமிருந்தது. விண்ணப்பத்தோடு சேர்த்து, ஆண்டுதோறும் கணக்கிலிருந்து பிரீமியத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதிப் படிவத்திலும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாலிசி ரத்தானாலும் அந்த அனுமதி வங்கியின் பதிவில் அப்படியே கிடந்தது. அதை நீக்கக் கடிதம் கொடுக்க மீண்டும் அதே கிளைக்குப் போனோம். அதே மேசையில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார், எதிரே இன்னொரு பெரியவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.