படமாக வரும் பில்களை இனம் பிரிப்பது: ஆடிட்டர் ஆபிஸில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஆபிஸ் எங்களுடையது. பார்ட்டிகள் பெரும்பாலும் பனியன் கம்பெனி, நிட்டிங், டையிங் வைத்திருப்பவர்கள். மாதம் பிறந்ததும் போனில் எடுத்த படங்களாக மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். நூல் வாங்கிய இன்வாய்ஸ், பெட்ரோல் பில், கார்டு தேய்த்த சீட்டு, சப்ளையர் அனுப்பிய லெட்ஜர், பேங்க் ஸ்டேட்மென்ட், டையிங்குக்குத் துணி போன டெலிவரி சலான் எல்லாம் ஒரே போல்டரில் கிடக்கும். சப்ளையர்கள் பதிந்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதி வந்துவிடும். 20க்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். அதற்குள் இவற்றிலிருந்து பில் எண், தேதி, தொகை எடுத்தாக வேண்டும்.

எடுப்பதற்கு முன் எது எந்த வகை என்று பிரிக்க, இலவசமாகக் கிடைக்கும், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் `tesseract`, க்யூஆரைப் படிக்கும் `zbarimg` இரண்டையும் வைத்து ஆபிஸிலேயே ஒரு சின்ன நிரலை எழுதிக்கொண்டோம். கடந்த சில வருஷங்களாக அதில்தான் வேலை ஓடுகிறது. அதில் எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் க்யூஆர். இது எழுத்து படிப்பதற்கும் முன்னால் நடக்க வேண்டிய வேலை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும் என்பதால், பெரிய மில்களின் பில்லில் எல்லாம் அரசு கையொப்பமிட்ட க்யூஆர் இருக்கும். அதைப் படித்து, உள்ளே இருக்கும் base64 குறியீட்டை அவிழ்த்தால் விற்றவர், வாங்கியவர் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் அப்படியே கிடைக்கும். `DocTyp` என்ற இடத்தில் `INV` என்றால் இன்வாய்ஸ், `CRN` என்றால் கிரெடிட் நோட், `DBN` என்றால் டெபிட் நோட். ஊகத்துக்கே வேலை இல்லை.

```
zbarimg --raw -q pakkam.jpg
```

அதே பில்லின் அடியில் பணம் கட்டுவதற்கான யுபிஐ க்யூஆரும் இருக்கலாம். இரண்டையும் தொடக்கத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். இ-இன்வாய்ஸ் `eyJ` என்று தொடங்கும், யுபிஐ `upi://pay` என்று தொடங்கும். இதில் ஒரு குறை, அரசு க்யூஆர் மிக நெருக்கமான புள்ளிகள் கொண்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கும்போது புள்ளிகள் குழைந்து படிக்க முடியாமல் போகிறது. "போட்டோவா வேண்டாங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று ஒவ்வொரு பார்ட்டியிடமும் கேட்டு வாங்கிய பிறகுதான் இந்த வழி உருப்படியானது. நிரலில் செய்த எந்தத் திருத்தமும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

க்யூஆர் இல்லாதவைதான் உண்மையான வேலை. ஆரம்பத்தில் வார்த்தையை வைத்துத்தான் பிரித்தோம். இன்வாய்ஸ் என்ற சொல் இருந்தால் இன்வாய்ஸ், ரிசீப்ட் என்று இருந்தால் ரசீது. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இன்வாய்ஸ் என்ற சொல் அதிகமாக வருவது இன்வாய்ஸில் இல்லை, சப்ளையரின் லெட்ஜர் ஸ்டேட்மென்ட்டில்தான். ஒவ்வொரு வரியிலும் இன்வாய்ஸ் எண் இருக்கும், மேலே ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும்.

ஒரு நூல் சப்ளையரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். பில்லில் நூல் மதிப்பு 1,20,000, சிஜிஎஸ்டி 2.5 சதவீதம் 3,000, எஸ்ஜிஎஸ்டி 3,000, மொத்தம் 1,26,000. அதே மாத லெட்ஜரில் ஆரம்ப இருப்பு 58,320, இந்த பில் 1,26,000, நாம் கட்டியது 60,000, முடிவு இருப்பு 1,24,320. லெட்ஜர் இன்வாய்ஸ் கூடைக்குள் போய்விட்டால் கடைசித் தொகையான 1,24,320 ஒரு கொள்முதலாகப் பதிவாகும். உண்மையான பில்லும் தனியாகப் பதிவாகியிருக்கும். 1,26,000-க்குப் பக்கத்திலேயே இருக்கும் தொகை என்பதால், பட்டியலைப் புரட்டும்போது கண்ணில் உறுத்தவும் செய்யாது. 2பியோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் இப்படி ஒரு பில்லே இல்லை என்று தெரியவரும்.

இதற்குக் கை கொடுத்தது காகிதத்துக்குள்ளேயே இருக்கும் கூட்டல். இன்வாய்ஸ் என்றால் வரிக்கு முந்தைய மதிப்பும் வரியும் கூடி மொத்தம் வர வேண்டும், ஒரு ரூபாய்க்குள் ரவுண்ட் ஆஃப் போகட்டும். ஸ்டேட்மென்ட் என்றால் ஆரம்ப இருப்போடு பில்களைக் கூட்டிக் கட்டியதைக் கழித்தால் முடிவு இருப்பு வர வேண்டும். மேலே சொன்ன லெட்ஜரை இன்வாய்ஸ் கணக்கில் போட்டால் எப்படியும் ஒட்டாது, ஸ்டேட்மென்ட் கணக்கில் சட்டென்று ஒட்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் இதேதான், டெபிட் கிரெடிட் மட்டும் பேங்க்கின் பக்கத்திலிருந்து இருக்கும். தொகைகள் சரியாகப் படிக்கப்பட்டனவா என்பதும் இதிலேயே தெரிந்துவிடுவது கூடுதல் லாபம்.

கூட்டலும் காப்பாற்றாத இடம் உண்டு. புரோபார்மா இன்வாய்ஸ், கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றிலும் வரி போட்டு மொத்தம் சரியாகவே இருக்கும். ஜாப் ஒர்க் சலானிலும் மதிப்பு, பொருளுக்கான எச்எஸ்என் எண் எல்லாம் உண்டு. இங்கே தலைப்புதான் ஒரே வழி, அதையும் பக்கத்தின் மேல் பகுதியில் மட்டும் தேட வேண்டும். `tesseract` ஒவ்வொரு சொல்லும் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் எவ்வளவு நம்பிக்கையோடு படித்தது என்பதையும் சேர்த்தே கொடுக்கும்:

```
tesseract pakkam.jpg pakkam -l eng+tam --psm 4 tsv
```

வரும் கோப்பில் `top` என்பது பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து உள்ள தூரம், `conf` நம்பிக்கை அளவு. முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் சொற்களை மட்டும் தலைப்பாக எடுத்துக்கொள்கிறோம். விலக்க வேண்டிய சொற்களை முதலில் தேடுவது முக்கியம். இன்வாய்ஸை முதலில் தேடினால் புரோபார்மா இன்வாய்ஸும் அதில் மாட்டிக்கொள்ளும்.

ரசீதும் இன்வாய்ஸும் எங்கே பிரிகின்றன என்பதில் ஆபிஸுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. ஹோட்டல் பில்லில் டேக்ஸ் இன்வாய்ஸ் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், வரிக் கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் நம் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் அதில் இல்லையென்றால் கட்டிய வரிக்கு வரவு எடுக்க முடியாது. அதனால் பார்ட்டியின் எண் இருந்தால் இன்வாய்ஸ், இல்லாவிட்டால் செலவு ரசீது என்று வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், மொத்தம் 15 எழுத்து, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. 0-வை ஓ என்று படித்திருந்தால் அந்தக் கடைசி எழுத்து காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் இரண்டாம் பக்கத் தொல்லை. நீளமான பில்லின் இரண்டாம் பக்கத்தில் தலைப்பே இருக்காது, மொத்தம் மட்டும் இருக்கும். படத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் எந்த முறையும் இதில் தோற்கும். அதனால் ஒரே ஆளிடமிருந்து அடுத்தடுத்து வந்த படங்களில், தலைப்பில்லாத பக்கத்தை முந்தைய பக்கத்தோடு சேர்த்து, கூட்டல் ஒட்டுகிறதா என்று பார்க்கிறோம். ஒட்டினால் ஒரே பில்.

இவ்வளவுக்கும் அடங்காதவை ‘தெரியவில்லை’ என்ற கூடைக்குப் போகும். சராசரி நம்பிக்கை 60-க்குக் கீழே என்றாலும் அங்கேதான். கார்பன் வைத்துக் கையால் எழுதிய பில் புத்தகத் தாள்கள், மங்கிப்போன தெர்மல் சீட்டுகள், ஒரே படத்தில் நாலு சீட்டு அடுக்கி எடுத்தவை எல்லாம் அதில் கிடக்கும். கையெழுத்துத் தாளுக்கு `tesseract` பிரயோஜனமில்லை, அதைப் பழக்கிப் பார்ப்பதும் வீண் வேலை. அந்தக் கூடையை ஆபிஸில் ஒருவர் தினமும் காலையில் உட்கார்ந்து கையாலேயே பிரிக்கிறார்.