ஊட்டி சாக்லேட் கடை கணக்கு: லேபர் ஹவரா, ஏபிசியா?

சீசன் முடிஞ்சதும் நான் கணக்கு பாக்குற ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடைக்காரர் கேட்டாரு, "தம்பி, கிஃப்ட் பாக்ஸ் நல்லா போகுதுன்னு ஆர்டரா எடுத்துத் தள்ளுறேன், கையில காசு மட்டும் நிக்கவே மாட்டேங்குதே, ஏன்?" அவர்கிட்ட ரெண்டே சரக்குதான். ப்ளெயின் ஸ்லாப் மாசம் 800 கிலோ, கலந்த வெரைட்டி போட்ட கிஃப்ட் பாக்ஸ் 100 கிலோ. (நம்பரெல்லாம் உங்களுக்குப் புரியணும்னு ரவுண்டாக்கிட்டேன்.)

மாச ஓவர்ஹெட், அதாவது எந்தச் சரக்குக்குன்னு நேரடியாச் சொல்ல முடியாத பொதுச் செலவு, 1,20,000 ரூபா. பழைய முறையில இதை மொத்த லேபர் ஹவர் 400ஆல வகுத்து, மணிக்கு 300ன்னு ஒரே ரேட் வெச்சிருந்தாங்க. ஸ்லாப்புக்கு 320 மணி, பாக்ஸுக்கு 80 மணி. அதனால ஸ்லாப் கிலோவுக்கு 120, பாக்ஸ் கிலோவுக்கு 240 ஓவர்ஹெட். பாக்ஸோட நேரடிச் செலவு 650, கூட்டினா 890, விக்கிறது 1100, கிலோவுக்கு 210 லாபம். ஸ்லாப் நேரடிச் செலவு 380, கூட்டினா 500, விக்கிறது 540, லாபம் வெறும் 40. இந்த ஷீட்டைப் பாத்தா யாரா இருந்தாலும் பாக்ஸ் பின்னாடிதான் ஓடுவாங்க, அவரைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனா ஒரு நாள் காலைல போய் உக்காந்து பாத்தா கதை வேற. டார்க் உருக்கின பாத்திரத்துல அப்படியே வெள்ளையை ஊத்தினா பழுப்பு வரி விழும், அதனால ஒவ்வொரு வெரைட்டி மாறும்போதும் கழுவணும், கழுவினது மட்டும் போதாது, ஒரு சொட்டுத் தண்ணி தங்கினாலும் சாக்லேட் கட்டிதட்டிப் போயிடும், ஊட்டி ஈரத்துல அது காயுறதுக்குள்ள அரை நாள் போயிடுது. ஸ்லாப்புக்கு மாசத்துல 8 தடவை மாத்துறாங்க, பாக்ஸுக்கு 40 தடவை, அதாவது ஒரு மாத்துக்கு ரெண்டரை கிலோதான் வெளிய வருது! இந்தச் செலவு லேபர் ஹவரைப் பாத்து வர்றதே இல்ல, மாத்துற எண்ணிக்கையைப் பாத்துதான் வருது.

ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங், சுருக்கமா ஏபிசி, கேக்குறதும் இதைத்தான்: காசு எந்த வேலைக்குப் போகுது, அந்த வேலையை எந்தச் சரக்கு இழுக்குது? 1,20,000ஐ மூணாப் பிரிச்சோம். கழுவி மாத்துறது 48,000, மொத்தம் 48 தடவை, தடவைக்கு 1000. ஆர்டர் எடுத்து பார்சல் போடுறது 36,000, ஸ்லாப் 12, பாக்ஸ் 60, ஆக 72 ஆர்டர், ஒண்ணுக்கு 500. கரண்டும் கூலிங் ரூமும் 36,000, இதை மிஷின் ஓடுற 120 மணிக்கு வகுத்தா மணிக்கு 300, ஸ்லாப்புக்கு 96, பாக்ஸுக்கு 24.

கூட்டினா ஸ்லாப்புக்கு 42,800, கிலோவுக்கு 53.50. பாக்ஸுக்கு 77,200, கிலோவுக்கு 772. முன்ன 240ன்னு இருந்த இடத்துல! பாக்ஸ் அசல் 1422 ஆகுது, 1100க்கு வித்தா கிலோவுக்கு 322 நஷ்டம். ஸ்லாப்புல லாபம் 40 இல்ல, 106.50. மொத்த லாபம் ரெண்டு முறையிலயும் அதே 53,000தான், யார் சம்பாதிச்சா யார் தின்னான்றது மட்டும்தான் மாறுது.

அதுக்காக பாக்ஸை நிறுத்திட்டா 77,200 மிச்சம்னு நினைச்சா அது பெரிய தப்பு. கழுவுற ஆளுங்களுக்கு மாசச் சம்பளம், பாக்ஸ் நின்னாலும் கொடுத்துதான் ஆகணும். இன்னொரு பள்ளம்: பாக்ஸ் போய் 8 தடவை மட்டும் மிஞ்சினா, 48,000ஐ 8ஆல வகுத்து தடவைக்கு 6000ன்னு காட்டும், அப்ப ஸ்லாப்போட லாபமும் ரொம்பக் குறைஞ்ச மாதிரி தெரியும். அதனால எத்தனை தடவை நடந்துச்சுன்னு வகுக்காம, அந்த ஆளுங்களால நியாயமா எத்தனை முடியும்னு வகுக்கணும். 60 முடியும்னா தடவைக்கு 800, இப்ப நடக்குற 48 போக மிச்ச 12 தடவையோட 9,600ஐ எந்தச் சரக்கு தலையிலயும் கட்டாம சும்மா கிடக்குற திறன்னு தனியா எழுதணும். பழைய முறையில இந்த வரியே கண்ணுல படாது.

பழைய முறை வேஸ்டுன்னு சொல்லல. ஸ்லாப் மட்டும் விக்கிற கடைக்கு அதுவே போதும், எல்லாச் சரக்கும் ஒரே அளவு வேலை வாங்கினாலும் ரெண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் சொல்லும். தவிர வருஷக் கடைசி ஸ்டாக் மதிப்புல ஆர்டர், டெலிவரி மாதிரி விற்பனைச் செலவைச் சேக்க கணக்கியல் தரநிலை விடாது, அதனால அந்த 36,000ல விற்பனைப் பங்கை ஆடிட்டர் கழட்டிடுவாரு. ஏபிசி ஷீட்டை விலை போடத்தான் வெச்சுக்கணும்.

அண்ணன் ஆர்டரை வாரத்துக்கு ரெண்டு நாளாச் சேத்துட்டாரு, வெள்ளை முதல்ல, அப்புறம் மில்க், கடைசியா டார்க், நடுவுல கழுவுறதே பாதியாக் குறைஞ்சுது. சின்ன பாக்ஸ் ஆர்டருக்குத் தனி விலைன்னு சொன்னதுக்கு மட்டும் இன்னும் தலைய ஆட்டல.