கையெழுத்துப் போடுபவரும் தாள் தயாரிப்பவரும்

தூத்துக்குடியில் பி.காம் முடித்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் கோர்ஸ் சேரட்டுமா, இல்லை கஸ்டம்ஸ் லைசென்ஸுக்குப் படிக்கட்டுமா?" இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கோர்ஸ் சான்றிதழ் சில மாத வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று பழக்குவார்கள். பேக்கிங் லிஸ்டில் 200 பெட்டி, பெட்டிக்கு 12.5 கிலோ, அப்படியானால் 2,500 கிலோ. இன்வாய்ஸில் 2,450 என்றிருந்தால், ஷிப்பிங் பில் போடும் முன்பே அதைப் பிடிக்கும் கண் வேண்டும். அந்தக் கண் கிடைத்தால் கோர்ஸுக்குக் கொடுத்த காசு வீணில்லை. ஆனால் அடுத்தவர் சரக்குக்கு ஏஜெண்டாகச் சுங்கத்தில் நிற்க அந்தச் சான்றிதழ் உதவாது.

அந்த உரிமையைத் தருவது 2018 விதிமுறைகளின்படி வழங்கப்படும் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ். எழுத்துத் தேர்வு, அப்புறம் வாய்மொழித் தேர்வு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: வெறும் பட்டம் போதாது. எம்.பி.ஏ., சி.ஏ., எல்.எல்.பி. போன்ற தகுதி கூடவே வேண்டும். இல்லையென்றால், சுங்கத் தேர்வில் தேறிய புரோக்கர் ஊழியருக்குத் தரப்படும் அடையாள அட்டையான ஜி கார்டுடன் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும்.

அதனால் அவருக்கு நான் சொன்ன வழி: ஒரு புரோக்கரிடம் வேலைக்குச் சேர்ந்து, அந்தத் தேர்வு எழுதாத ஊழியருக்கான எச் கார்டு வாங்குங்கள், தேர்வெழுதி ஜி கார்டுக்கு ஏறுங்கள். ஜி கார்டு வந்தாலே புரோக்கர் சார்பில் கையெழுத்திடலாம். கோர்ஸை அந்த முதல் வேலைக்கான நுழைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.