கிரீம் கன்டூரும் பிரான்சரும்: இரண்டு வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

எனக்கு வெளுத்த நிறம், வட்ட முகம். கன்ன எலும்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். பவுண்டேஷன் போட்டால் முகத்தில் இயல்பாக விழும் சின்ன நிழல்களும் மறைந்து, இன்னும் தட்டையாகிவிடும். அதற்காகத்தான் கன்னத்தில் நிழல் மாதிரி காட்டும் ஒரு கிரீம் கன்டூர் ஸ்டிக்கும், வெயில் பட்ட நிறம் தரும் பவுடர் பிரான்சரும் வாங்கினேன்.

முதல் சில மாதங்கள் சரியாகவே வரவில்லை. கும்பகோணத்தில் சித்தி பெண் கல்யாணத்துக்கு, மண்டபத்து அறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் வெளிச்சத்தில் பார்த்த அம்மா, "என்னடி, கன்னத்துல ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு, துடைச்சுக்கோ" என்றார். கண்ணாடியில் பார்த்தால், காதிலிருந்து வாய் வரை சேற்றுக் கையால் இழுத்த மாதிரி ஒரு கோடு.

தவறு இரண்டு. ஒன்று, காம்பாக்ட் பவுடர் போட்ட பிறகு அதன் மேல் கிரீமைத் தேய்த்தது. பவுடரோடு குழைந்து கிரீம் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். மேலும் தேய்த்தால் அடியில் இருப்பதும் உரிந்து வரும். இன்னொன்று, நிறம். நான் வாங்கிய ஸ்டிக் செங்கல் நிறத்தில் இருந்தது. பிரான்சர் என்பது வெயில் பட்ட நிறம், அதில் கொஞ்சம் சூடு இருக்கலாம். கன்டூர் என்பது நிழல், நிழலில் சிவப்பு இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் ஜன்னலோரம் நின்று தாடைக்குக் கீழே விழும் நிழலைப் பாருங்கள். வெளுத்த தோலில் அது சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். அந்தச் சாயலில், தோலைவிட ஒன்றிரண்டு ஷேட் மட்டும் கருமையாக எடுங்கள். அதற்கு மேல் போனால் எவ்வளவு தேய்த்தாலும் கோடு தெரியும்.

இப்போது சன்ஸ்கிரீன் போட்டுப் பத்து நிமிடம் விடுகிறேன். அப்புறம் மெல்லிய பவுண்டேஷன். ஸ்டிக்கை நேராக முகத்தில் இழுப்பதில்லை. புறங்கையில் தடவி, பிரஷ்ஷால் தொட்டு எடுக்கிறேன். காதுக்கு முன்னால் தொடங்கி, கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே நிறுத்திவிடுவேன். அதைத் தாண்டி வாய்ப்பக்கம் வந்தால் கன்னம் ஒட்டிப்போன மாதிரி தெரியும். ஈர ஸ்பான்ஞ்சால் மேல்நோக்கி ஒற்றி, அதன் மேல் மெல்லப் பவுடர். கடைசியாகத்தான் பிரான்சர்: நெற்றி ஓரம், கன்னத்தின் மேல்பகுதி, மூக்குத் தண்டில் ஒரு தொடுதல். கன்டூர் போட்ட பள்ளத்தில் பிரான்சர் படவே கூடாது. இரண்டும் கலந்தால் மறுபடியும் சேறுதான்.

நம் டெல்டாப் பக்கத்துப் புழுக்கத்தில் மதியத்துக்குள் வியர்த்துவிடும். கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். வியர்வை மேல் பவுடர் போட்டால் கட்டியாகிவிடும். ஐப்பசி அடைமழை நாட்களில் நான் கிரீமை விட்டுவிட்டு பிரான்சர் மட்டும்தான் போடுகிறேன்.

ஸ்டிக்கின் அட்டையில் 12M என்று இருந்தது, திறந்த பின் பன்னிரண்டு மாதம். பதினான்காம் மாதம் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது, பாதி மிச்சம் இருந்தும் தூக்கிப் போட்டேன். இப்போது இருப்பது சாம்பல் சாயலில் வாங்கியது. போன தை மாதக் கல்யாணத்தில் அம்மா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இளைச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.