ஃபைல் யாருடையது: ஷேர்டு ஃபோல்டரா, ஷேர்டு டிரைவா?

எங்களுடையது பதினோரு பேர் வேலை செய்யும் கட்டட வரைபட அலுவலகம். நான் என்ஜினியர் இல்லை. கணக்கு, பிரிண்டர், புதிதாக வருபவருக்கு மெயில் ஐடி போட்டுக்கொடுப்பது, இதெல்லாம் என் தலையில் விழும் வேலை. கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஐந்து வருடம் சாதாரண ஷேர்டு ஃபோல்டரை வைத்து ஓட்டினோம். இப்போது ஒன்றரை வருடமாக ஷேர்டு டிரைவ். 2017-இல் வந்தபோது அதற்கு டீம் டிரைவ் என்று பெயர், 2019-இல் மாற்றினார்கள். எங்கள் சார் இன்னும் பழைய பெயரில்தான் சொல்வார்.

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் ஷேர்டு டிரைவ் பக்கம். திறந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே ஃபோல்டர், அதே ஃபைல், இரண்டு பேர் ஒரே ஷீட்டில் சேர்ந்து எழுதலாம், லிங்க் அனுப்பலாம். தேடுவதிலும் வேகத்திலும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிவது ஒரே ஒரு நாளில், ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகு. அதனால் அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் தம்பி ஒருவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார். நல்லபடியாகத்தான் போனார், கேக் வெட்டி அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, சும்மா கிடக்கும் கணக்குக்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்று அதை டெலிட் செய்ய உட்கார்ந்தேன். அட்மின் பக்கம் அப்போது ஒரு கேள்வி கேட்கும்: இவருடைய டிரைவில் இருப்பதை வேறு யாருக்காவது மாற்ற வேண்டுமா? சாரிடம் கேட்டேன்.

"எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டர்லதானே இருக்கு? அவன் சொந்த ஃபைல் நமக்கு எதுக்கு?" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. மாற்றாமலே டெலிட் கொடுத்தேன்.

இருபத்தாறாவது நாள் ஒரு அடுக்குமாடி வேலைக்கு அஸ்திவார வரைபடம் தேவைப்பட்டது. ஃபோல்டர் இருந்தது, உள்ளே துணை ஃபோல்டர்களும் இருந்தன. அந்தத் தம்பி போட்ட டிடபிள்யூஜி வரைபட ஃபைல் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் போட்டவை அப்படியே இருந்தன. பாதிப் பல் விழுந்த சீப்பு மாதிரி.

நடந்தது இதுதான். ஷேர்டு ஃபோல்டர் என்பது ஒரு பொது மேஜை மாதிரி. மேஜை ஒருவருடையது, அதன்மேல் கிடக்கும் தாள் ஒவ்வொன்றும் அதை வைத்தவருடையது. ஃபோல்டர் சார் பெயரில் இருந்தது, ஆனால் அதற்குள் யார் அப்லோட் செய்தாரோ அவர்தான் அந்த ஃபைலுக்கு ஓனர். அவருடைய கணக்கை நீக்கினால் அவர் ஓனராக இருக்கும் ஃபைல்களும் கூடவே போய்விடும், அவை எந்த ஃபோல்டரில் கிடந்தாலும் சரி. நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம். அப்படி மீட்டால் ஃபைல்களும் திரும்பிவிடும். நாங்கள் பார்த்ததோ இருபத்தாறாவது நாள். கான்ட்ராக்டருக்கு மெயிலில் அனுப்பியிருந்த பிடிஎஃப்களைத் தேடி எடுத்து, அவற்றைப் பார்த்து மறுபடி வரைந்தோம். இரண்டு பேருக்கு ஒன்பது நாள் வேலை.

"ஒழுங்காக டிரான்ஸ்ஃபர் கொடுத்திருந்தால் முடிந்ததே" என்று கேட்கலாம். உண்மைதான், ஃபைல் பிழைத்திருக்கும். ஆனால் அது கடனைத் தீர்ப்பது இல்லை, கடனை வேறு ஒருவர் பெயருக்கு மாற்றுவது. தம்பியின் ஃபைல்கள் சார் பெயருக்கோ என் பெயருக்கோ வரும். நாளை நான் போனால் என்னுடையதும் அவருடையதும் சேர்ந்து இன்னொருவர் தலையில் ஏறும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அந்தக் கட்டத்தை மறக்காமல் டிக் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. எஸ்டிமேட் போட்டுக்கொடுக்கும் அக்கா ஒருவர் வெளியில் இருந்து வேலை செய்கிறார், சொந்த ஜிமெயிலில். எங்கள் ஃபோல்டருக்குள் அவர் உருவாக்கிய ஷீட்டுகளுக்கு அவர்தான் ஓனர். அந்தக் கணக்கின்மேல் எங்கள் அட்மினுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, டிரான்ஸ்ஃபர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் ஒருநாள் தன் டிரைவில் இடம் போதவில்லை என்று பழைய ஷீட்டுகளை அழித்தால், அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. அவருடைய இடத்தைத்தானே அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஷேர்டு டிரைவில் இந்த ஓனர் என்ற ஆளே கிடையாது. ஃபைல் அந்த டிரைவுக்குச் சொந்தம், இடமும் நிறுவனத்தின் பொதுக் கணக்கில் போகும். அந்த அக்காவை வெளி உறுப்பினராகச் சேர்த்தோம். இப்போது அவர் ஜிமெயிலில் இருந்தே அதற்குள் புது ஷீட் உருவாக்கினாலும் அது எங்களுடையது. அவரை உறுப்பினர் பட்டியலில் இருந்து எடுத்தால் அவருக்குக் கதவு மூடும், ஷீட் அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பேர் வேலையை விட்டார்கள். கணக்கை டெலிட் செய்தேன், டிரைவில் ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. அவர்கள் தனிப்பட்ட டிரைவில் அலுவலக ஃபைல் வைத்திருந்தால் அது வேறு கதை, அதற்கு இன்றும் டிரான்ஸ்ஃபர் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மாற்றும் வேலை ஒரு வார இறுதியில் முடியும் என்று நினைத்தேன், மூன்று வாரம் ஆனது. முதலில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவ் தேடல் பெட்டியில் இப்படி அடித்தால் அவர் ஓனராக இருந்து நமக்குப் பகிர்ந்த ஃபைல்கள் வரும்:

```
owner:name@example.com
```

அலுவலக ஐடியில் இருப்பவர்களுடையதை நகர்த்துவது சுலபம். நகர்த்தினால் லிங்க் மாறாது, பழைய மெயிலில் அனுப்பிய லிங்கும் வேலை செய்யும். அக்காவின் ஷீட்டுகள் மட்டும் நகர மறுத்தன, வெளி ஆள் ஓனர் என்பதால். அவற்றைக் காப்பி எடுத்துப் போட்டோம். காப்பி என்றால் புது லிங்க், திருத்திய வரலாறும் அதில் வராது. எந்த எஸ்டிமேட் எப்போது மாறியது என்று பின்னாளில் சண்டை வரும் வேலைகளுக்கு, பழைய ஷீட்டின் வரலாற்றை ஒருமுறை பார்த்துத் தேதி குறித்துக்கொண்டு காப்பி எடுத்தேன்.

நகர்த்தும்போது ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். பழைய ஃபோல்டர் வழியாக வந்த அனுமதிகள் உதிர்ந்துவிடும்; ஆனால் குறிப்பிட்ட ஒரு ஃபைலை யாருக்காவது நேரடியாகப் பகிர்ந்திருந்தால் அந்த அனுமதி கூடவே வரும். போன வருடமே வேலை முடித்துப்போன ஒரு கான்ட்ராக்டர் நாலு வரைபடத்தில் இன்னும் எடிட்டராக உட்கார்ந்திருந்தார். மாற்றிய பிறகு முக்கியமான ஃபைல்களில் ஷேர் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சரி, ஷேர்டு டிரைவின் குறைக்கு வருவோம். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது எங்களுக்குத் தானாகவே வந்து நின்ற பொறுப்பு Content manager. அந்தப் பொறுப்பில் இருப்பவர் எந்த ஃபைலையும் ட்ராஷுக்கு அனுப்பலாம். ஷேர்டு ஃபோல்டரில் இது நடக்காது, அங்கே என் ஃபைலை ட்ராஷில் போட என்னால் மட்டும்தான் முடியும். ஓனர் இல்லாத வீட்டில் பூட்டு சாவியும் எல்லோரிடமும் இருக்கும் என்பது மாதிரி. Contributor என்று இறக்கினால் எழுதலாம், அழிக்க முடியாது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் டிராஃப்ட்ஸ்மேன்கள் பிரவுசரில் வேலை செய்வதில்லை, டிரைவை கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் மாதிரி ஏற்றி அதிலிருந்து நேராக CAD வரைபட ஃபைலைத் திறப்பார்கள். Contributor-ஆக இருந்தவருக்கு அந்த வழியில் ஃபைல் படிக்க மட்டுமே திறந்தது, சேவ் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் வரைபவர்கள் எல்லோரையும் Content manager ஆக்கினோம்; கணக்கு, எஸ்டிமேட் பார்ப்பவர்கள் மட்டும் Contributor.

அழிந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு முதல் மாதம் முழுக்க இருந்தது. ட்ராஷில் 30 நாள் கிடக்கும். அதற்கும் பிறகு 25 நாள் அட்மின் மீட்டெடுக்கலாம். ஒரு பையன் ஒரு முழு ஃபோல்டரைத் தவறுதலாக ட்ராஷில் போட்டான், பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். ஐம்பத்தைந்து நாளுக்கு மேல் யாரும் கவனிக்காத ஃபைல் போய்விட்டால் எப்படி இருக்கும் என்பது இன்னும் எனக்கு நேரவில்லை.

சம்பள விவரத்தைப் பொது டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரில் வைக்காதீர்கள். மேல்மட்டத்தில் உறுப்பினராக இருப்பவரின் அனுமதி கீழே வரை இறங்கும் என்பதே இதன் அடிப்படை அமைப்பு. எங்களிடம் சம்பளத்துக்கு இரண்டே பேர் உள்ள தனி டிரைவ். ஒரு டிரைவில் 5 லட்சம் உருப்படி வரை வைக்கலாம் என்ற எல்லை எங்களைப் போன்றவர்களுக்குக் கிட்டவே வராது.

மைக்ரோசாஃப்ட் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. ஒரு கிளையண்ட் அலுவலகத்தோடு நாலு மாதம் டீம்ஸில் வேலை செய்தேன், அவ்வளவுதான். அங்கேயும் இதே இரட்டை வாழ்க்கை இருக்கிறது: சேனலில் போட்ட ஃபைல் ஷேர்பாயிண்ட்டில், குழுவின் பெயரில் உட்காரும், தனிச் சாட்டில் இழுத்துப் போட்ட ஃபைல் அனுப்பியவரின் ஒன்டிரைவில் உட்காரும். பார்ப்பதற்கு இரண்டும் டீம்ஸில் போட்டதுதான். எதில் போட்டோம் என்று ஞாபகம் இல்லாமல் எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். பெரிய நிறுவனங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று பேர், எல்லோரும் பங்காளிகள், யாரும் போகப்போவதில்லை என்றால் ஷேர்டு ஃபோல்டரே போதும். மேலும் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஷேர்டு டிரைவ் உருவாக்கவும் முடியாது. எங்கள் மாதிரி வருடத்துக்கு இரண்டு பேர் மாறும் இடமென்றால் யோசிக்க வேண்டியதே இல்லை.

போன மாதம் ஒன்று கண்ணில் பட்டது. தளத்தில் இருந்து வரும் பில் ஷீட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மெயில் போகும்படி ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். ஷீட் ஷேர்டு டிரைவில் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்துக்கு ஓட வைக்கும் டிரிகர் நான் போட்டது, என்னுடைய கணக்குப் பிரிவு ஐடியின் பெயரில்தான் ஓடுகிறது. நான் போனால் ஷீட் இருக்கும், மெயில் நின்றுவிடும். இப்போதைக்கு ஷீட்டின் முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறேன்: "டிரிகர் கணக்குப் பிரிவு ஐடியில். ஆள் மாறினால் புதிதாகப் போடவும்."