சோலார் கடன்: தவணையை மின்கட்டண மிச்சமே கட்டிவிடும் என்று சொன்னவர்கள்

ஹட்டன் பகுதியில் வீட்டுக் கூரைக்குச் சோலார் பொருத்தக் கடன் எடுக்க எண்ணுவோர், ஒப்பமிடும் முன் இதை வாசிக்க வேண்டும். 2024இன் இறுதியில் ஒரு நிறுவனத்தின் முகவர் எங்கள் வீட்டுக்கு வந்து, 5 கிலோவாட் தொகுதிக்குப் பத்து இலட்சம் ரூபா வங்கிக் கடன் பெற்றுத்தந்தார். 12 வீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு மாதத் தவணை 17,653 ரூபா.

அவர் எழுதித் தந்த கணக்கு இதுதான்: மாதம் 600 அலகு உற்பத்தியாகும், வீட்டுக்கு 150 போக மீதி 450 அலகை மின்சார சபை 27 ரூபா வீதம் வாங்கும், அது 12,150 ரூபா, அதனோடு நாங்கள் கட்டிவந்த 5,500 ரூபா மின்கட்டணமும் மிச்சமாகும். கூட்டினால் தவணைக்குச் சரியாக வருகிறது.

600 அலகு என்பது கிலோவாட்டுக்கு 120 அலகு. அம்பாந்தோட்டை போன்ற வெயில் நிறைந்த வறண்ட சமவெளிக்குப் பொருந்தும் அந்த எண்ணை, நாட்டிலேயே சூரிய ஒளி குறைவாகக் கிடைக்கும் மத்திய மலைநாட்டுக்கு, அதுவும் தென்மேல் பருவமழையை நேராக வாங்கும் இந்த மேற்குச் சரிவுக்கு, அவர் தெரிந்தே போட்டிருக்கிறார். ஏனெனில், இதே ஊரில் அந்நிறுவனம் முன்பு பொருத்திய வீடுகளின் உற்பத்திப் பதிவு அவர்களிடம் இருந்தது.

எங்கள் இன்வேட்டர் காட்டும் சராசரி மாதம் 400 அலகுதான். விற்க எஞ்சும் 250 அலகுக்கு 6,750 ரூபா கிடைக்கிறது. 2025 ஜனவரியில் மின்கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைக்கப்பட்டதும் எங்கள் மிச்சம் 4,400 ரூபா அளவுக்கு இறங்கியது. கட்டணக் குறைப்பு அயலவருக்கு நன்மைதான். ஆனால் மிச்சத்தை நம்பிக் கடன் எடுத்தவருக்கு அது வருமானக் குறைவு. ஆக, கையிலிருந்து மாதம் 6,500 ரூபா போடுகிறோம். மூடுபனியும் மழையும் விடாத ஜூன், ஜூலையில் உற்பத்தி 250 அலகாகிவிட்டது. ஜூனில் கட்டணம் 15 வீதம் ஏறி மிச்சம் சற்றுக் கூடியபோதும், இரண்டு வரவும் சேர்ந்து 8,000 ரூபாவை எட்டவில்லை.

இன்னொன்றையும் அவர் மறைத்தார். வங்கி பணத்தை நிறுவனத்துக்கு விடுவித்த மறுமாதமே தவணை தொடங்கியது. மின்சார சபையின் புதிய மானியோ அதற்குப் பிறகுதான் பொருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தவணையையும் முழு மின்கட்டணத்தையும் சேர்த்தே கட்டினோம். முறையிட்டபோது, தாளின் அடியில் சிற்றெழுத்தில் இருந்த ‘உத்தேசக் கணிப்பு’ என்ற சொல்லைக் காட்டி நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. கடனுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று வங்கியும் எங்களிடம் சொல்லிவிட்டது.

ஆகவே, உங்கள் ஊரிலேயே பொருத்திய ஒரு வீட்டின் பன்னிரண்டு மாத இன்வேட்டர் பதிவைக் கேளுங்கள். தர மறுத்தால் ஒப்பமிடாதீர்கள். உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் இணையத்தளத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால், ஒரு கிலோவாட் ஆண்டுக்கு எவ்வளவு தரும் என்ற மதிப்பீடு இலவசமாகக் கிடைக்கும். கூரையை மறைக்கும் மலையும் சவுக்கு மரமும் இருந்தால் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து, ஜூலை மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவது என்பதை முகவரின் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள்.